மேடுபள்ளமான சுவரில் சமையலறை மேல் அலமாரிகளை ரெயிலிலும் ஹேங்கரிலும் மட்டமாகத் தொங்கவிடுதல்: முழுமையான வழிகாட்டி

கீழக்கரையிலும் தங்கச்சிமடத்திலும் பழைய வீடுகளில் மேல் அலமாரி மாட்டும்போது, சுவர் எங்கும் ஒரே தளத்தில் இருக்காது என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். முருகைக்கல்லின் மேல் கனமாகச் சுண்ணாம்பு பூசிய சுவர்களில், எட்டடி நீளத்துக்குள் ஒரு விரற்கடை அளவுக்கு வயிறு தள்ளியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். கீழக்கரை வீடொன்றில் அத்தகைய சுவரில் 900, 900, 600 மி.மீ. அகலமுள்ள மூன்று அலமாரிகளை மாட்டிய வேலையையே இங்கே எடுத்துக்காட்டாக வைத்து, வரிசைப்படி சொல்கிறேன்.

ஹேங்கர் என்பது அலமாரியின் உள்ளே, மேல் மூலைகள் இரண்டிலும் பொருத்தப்படும் சிறு பெட்டி. அதன் கொக்கி பின்பக்கமாக நீண்டு, சுவரில் அடித்த இரும்பு ரெயிலின் மேல் உதட்டைப் பிடித்துக்கொள்ளும். பெட்டியில் இரண்டு திருகுகள் உண்டு. ஒன்று அலமாரியை ஏற்றி இறக்கும்; மற்றொன்று கொக்கியை உள்ளே இழுத்து அலமாரியைச் சுவர்ப்பக்கம் கொண்டுவரும். இந்தத் திருகுகள் சுவரின் கோணல் முழுவதையும் சரிசெய்துவிடும் என்று நம்பி ரெயிலை அப்படியே சுவரில் அடிப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. கடைசியாக எஞ்சும் நாலைந்து மி.மீ. வேறுபாட்டை எடுப்பதற்காக மட்டுமே திருகுகளை வைத்துக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் ரெயிலுக்கும் சுவருக்கும் இடையே செருகும் பேக்கிங் துண்டுகளில் முடிந்துவிட வேண்டும்.

1. பாரம் எவ்வளவு, அது எந்தத் திசையில் இழுக்கிறது

900 மி.மீ. அகலம், 720 மி.மீ. உயரம், 300 மி.மீ. ஆழமுள்ள 18 மி.மீ. பிளைவுட் அலமாரி, கதவுகளோடு சேர்ந்து சுமார் 25 கிலோ வரும். அதில் எவர்சில்வர் பாத்திரமும் மளிகைச் சாமானும் அடுக்கினால் 60 கிலோ என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. ஹேங்கர் வாங்கும்போது அட்டையில் அச்சிட்டுள்ள பாரம் ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று பார்த்து வாங்க வேண்டும். பலர் இதைக் கவனிப்பதில்லை.

பாரம் கீழ்நோக்கி மட்டும் இழுப்பதில்லை. அலமாரியின் எடை சுவரிலிருந்து சுமார் 160 மி.மீ. முன்னால் மையம் கொண்டிருப்பதால், மேற்பகுதி சுவரை விட்டு வெளியே சாயப் பார்க்கும், அடிப்பகுதி சுவரை அழுத்தும். ரெயிலுக்கும் அடி விளிம்புக்கும் இடையே 680 மி.மீ. இருந்தால், ரெயிலை வெளியே பிடுங்கும் இழுவை 60 × 160 ÷ 680, அதாவது ஏறத்தாழ 14 கிலோ.

இந்தக் கணக்கு, அலமாரியின் அடி விளிம்பு சுவரைத் தொட்டிருந்தால்தான் பொருந்தும். சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்து, அலமாரியின் பக்கப் பலகை பாதி உயரத்திலேயே அதில் முட்டிக்கொண்டு, அடிப்பகுதி காற்றில் நின்றால், 680 என்பது 340 ஆகிவிடும். இழுவை 28 கிலோவாக இரட்டிக்கும். பாரம் கூடவில்லை, ஸ்க்ரூ மாறவில்லை. முட்டும் இடம் மேலேறியதே காரணம். கீழே சொல்லும் படிகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றைத் தவிர்ப்பதற்காகவே உள்ளன.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு மீட்டருக்குக் குறையாத ரசமட்டம், தூக்குக்குண்டு, கொத்தனார் நூல், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் அல்லது லேசர் ஆகியவை வேண்டும். பேக்கிங்குக்கு 1, 2, 3, 5 மி.மீ. கனத்தில் பி.வி.சி. அல்லது அலுமினியத் துண்டுகளை ஐந்து செ.மீ. சதுரமாக முன்கூட்டியே வெட்டி, நடுவில் துளையிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அட்டையையும் மெல்லிய மரச்சிம்பையும் பேக்கிங்காகச் செருகக் கூடாது. ஈரக்காற்றில் அவை நசுங்கி, இறுக்கிய ஸ்க்ரூ தானாகவே தளர்ந்துவிடும்.

ரெயிலின் துத்தநாகப் பூச்சு, வெட்டிய முனையில் இருக்காது. கடற்காற்று படும் வீட்டில் துரு அங்கிருந்துதான் தொடங்கும். ஆகவே வெட்டிய உடனேயே முனையை அரத்தால் தேய்த்துத் துத்தநாகப் பெயின்ட் அடித்துவிட வேண்டும், மாட்டிய பிறகு அந்த இடத்துக்குக் கை போகாது. ஸ்க்ரூக்கள் எவர்சில்வரில் இருக்கட்டும்.

3. சுவர் பிடிக்குமா என்று சோதித்தல்

அலமாரி மறைக்கப்போகும் இடத்தில் ஒரு சோதனைத் துளை போட வேண்டும். செங்கல் சுவரில் தூள் சிவப்பாக மாறும்போது பூச்சு முடிந்தது என்று தெரிந்துவிடும். முருகைக்கல்லில் பூச்சும் வெளுப்பு, கல்லும் வெளுப்பு என்பதால் நிறம் உதவாது. கையைத்தான் நம்ப வேண்டும். பூச்சுக்குள் பிட் சீராக இறங்கும். கல்லுக்குள் போனதும் அதன் பொந்துகளில் விழுந்து விழுந்து எழும். அந்த இடத்தில் பிட்டில் டேப் ஒட்டி ஆழத்தை அளந்துகொள்ள வேண்டும்.

நான் சொல்லும் சுவரில் பூச்சு 30 மி.மீ. இருந்தது. அந்த 30 மி.மீ. பாரம் தாங்கும் கணக்கில் சேராது. ரெயிலின் கனம் 2, பேக்கிங் அதிகபட்சமாக 12, பூச்சு 30, கல்லுக்குள் 60 என்று கூட்டினால் 104 மி.மீ. வருகிறது, ஆகவே அந்த வேலைக்கு 110 மி.மீ. ஸ்க்ரூ எடுத்தோம். ரெயிலோடு தரப்படும் 50 மி.மீ. ஸ்க்ரூவை அப்படியே பயன்படுத்தியிருந்தால், பேக்கிங் அதிகமுள்ள இடத்தில் அது பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் 6 மி.மீ. மட்டுமே போயிருக்கும்.

முருகைக்கல்லிலும் ஹாலோ பிளாக்கிலும் டிரில்லின் அடிக்கும் விசையை நிறுத்திவிட்டு, சுழற்சியில் மட்டும் துளையிட வேண்டும். அடித்தால் துளை வாய் அகன்று, ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளக் சுற்றத் தொடங்கும். பிளக் சுற்றினால் அதைவிடப் பெரிய பிளக்கைத் திணிப்பது வழியல்ல. துளையை ஊதிச் சுத்தம் செய்து, சல்லடைக் குழலோடு கெமிக்கல் ஆங்கர் வைப்பதே வழி. அதன் குழம்பு பொந்துகளுக்குள் இறங்கிக் கட்டிக்கொள்ளும். அட்டையில் சொன்ன நேரம் முடியும் வரை அதில் எதையும் மாட்டக் கூடாது.

சோதனைக்காக அரையடி ரெயில் துண்டை இரண்டு ஸ்க்ரூவில் மாட்டி, 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டைக் கயிற்றில் கட்டி ஓர் இரவு தொங்கவிட்டோம். காலையில் ரெயில் நகரவில்லை என்று உறுதிசெய்த பிறகு, ஆணி பிடுங்கியின் வாயைக் கொடுத்து வெளிப்பக்கம் மெல்ல நெம்பிப் பார்த்தோம். தண்ணீர் கேன் கீழ்நோக்கிய பாரத்தை மட்டுமே காட்டும். வெளியே வரும் இழுவைக்கு இந்த நெம்பல்தான் சோதனை. உப்புப் பூத்துப் பொரிந்திருக்கும் இடமாக இருந்தால் பூச்சை உதிர்த்துவிட்டுப் புதிதாகப் பூசி, காய்ந்த பிறகே மேலே போக வேண்டும்.

சுவிட்ச் போர்டுக்கும் சிம்னி பிளக்குக்கும் நேர் மேலே வயர் போகும். அந்தச் செங்குத்துக் கோட்டில் துளை வேண்டாம்.

4. சுவரை நூலால் படித்தல்

ரெயில் வரப்போகும் உயரத்தில், 2400 மி.மீ. நீளத்தின் இரு முனைகளிலும் 20 மி.மீ. கட்டையை வைத்து நூலை இழுத்துக் கட்டி, 300 மி.மீ.க்கு ஒரு முறை நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளந்து சுவரிலேயே எழுத வேண்டும். எங்களுக்கு இடமிருந்து வலமாகக் கிடைத்தவை: 20, 16, 11, 8, 9, 13, 17, 19, 20.

மிகச் சிறிய எண் 8. அது இடமிருந்து 900 மி.மீ.இல் இருக்கிறது. அதுவே சுவரின் மேடு, ரெயில் சுவரைத் தொடும் ஒரே இடமும் அதுதான். ஒவ்வோர் எண்ணிலிருந்தும் 8-ஐக் கழித்தால் அந்தந்த இடத்துக்கு வேண்டிய பேக்கிங் கிடைத்துவிடும்: 12, 8, 3, 0, 1, 5, 9, 11, 12. இதை அளக்காமல் ஸ்க்ரூவை இறுக்கிக்கொண்டே போனால் ரெயில் சுவரின் வளைவுக்கேற்ப வளையும். பிறகு அதில் தொங்கும் அலமாரிகளின் முகங்கள் விசிறிபோலத் திரும்பி நிற்கும்.

பேக்கிங் எங்காவது 15 மி.மீ.ஐத் தாண்டினால் நான் பேக்கிங்கை நம்புவதில்லை. சுவருக்கு வெளியே அவ்வளவு தூரம் நீட்டி நிற்கும் ஸ்க்ரூ பாரத்தில் வளையும். அப்போது மேட்டைச் செதுக்குவது அல்லது பள்ளத்தைப் பூசி நிரப்புவதுதான் சரி.

அடுத்து, ரெயிலின் பின்தளத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டு, கீழே அடி விளிம்பு வரும் உயரம் வரை சுவரைப் பார்க்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்த அளவைத்தான். எங்கள் சுவரில் அந்த 900 மி.மீ. மேடு, ரெயிலுக்கு 350 மி.மீ. கீழே இன்னும் 5 மி.மீ. வெளியே தள்ளியிருந்தது. அதற்குக் கீழே சுவர் மறுபடியும் உள்வாங்கியது.

5. அலமாரிகளின் வரிசையைத் தீர்மானித்தல்

அலமாரியின் பின்பலகை, பக்கப் பலகைகளின் பின்விளிம்பிலிருந்து 18 மி.மீ. உள்ளே தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தது. ஆகவே சுவரைத் தொடக்கூடியவை பக்கப் பலகைகள் மட்டுமே. அவற்றுக்கு நடுவே சுவர் கொஞ்சம் வயிறு தள்ளினாலும் பாதகமில்லை.

முதலில் போட்ட வரைபடத்தின்படி இடப்பக்கம் 900 அகல அலமாரி வர வேண்டும். அப்படி வைத்தால் அதன் வலப் பக்கப் பலகை சரியாக அந்த 900 மி.மீ. மேட்டில் உட்கார்ந்து, பாதி உயரத்தில் முட்டி, முன்பு சொன்ன இரட்டை இழுவையை வரவழைத்திருக்கும். வீட்டுக்கார அம்மாவிடம் விவரத்தைச் சொன்னதும், “வரிசை எப்படியிருந்தா என்ன தம்பி, அசையாம நின்னாப் போதும்” என்றார். 600 அகல அலமாரியை இடப்பக்கம் வைத்தோம். பக்கப் பலகைகள் 0, 600, 1500, 2400 ஆகிய இடங்களில் வந்தன. மேடு இரண்டாவது அலமாரியின் உள்வாங்கிய முதுகுக்குள் அடங்கிவிட்டது. உளியைத் தொடவே தேவைப்படவில்லை.

6. ரெயிலின் உயரத்தைக் குறித்தல்

கணக்கை அட்டையில் உள்ள படத்திலிருந்து எடுக்காமல், கையில் இருக்கும் அலமாரியிலிருந்தே எடுக்க வேண்டும். ஒரு ஹேங்கரைப் பொருத்தி, உயரத் திருகை அதன் ஓட்டத்தின் நடுவில் வைத்து, கொக்கியில் ஒரு ரெயில் துண்டை மாட்டி, ரெயில் துளையின் மையத்திலிருந்து அலமாரியின் தலை வரை அளக்க வேண்டும். எங்களுக்கு அது 40 மி.மீ. திருகை நடுவில் வைப்பதற்குக் காரணம், பிறகு ஏற்றவும் இறக்கவும் சம அளவு ஓட்டம் மிச்சமிருக்க வேண்டும் என்பதே.

மேடைக்கல் தரையிலிருந்து 850 மி.மீ., அதற்கு மேல் 600 விட்டால் அலமாரியின் அடி 1450, தலை 2170. ரெயில் துளைக் கோடு 2130. மேடைக்கல்லும் மட்டமாக இருக்கும் என்று கொள்ளக் கூடாது. அதன் மிக உயர்ந்த இடத்திலிருந்து அளந்து ஒரு புள்ளி வைத்து, டியூப் லெவலால் அந்த உயரத்தை மறுமுனைக்குக் கொண்டுபோய்ச் சுண்ணாம்பு நூல் அடிக்க வேண்டும். தரையிலிருந்து இரு முனையிலும் தனித்தனியாக அளந்தால், தரையின் சாய்வு அப்படியே ரெயிலில் ஏறிவிடும்.

7. ரெயிலை அடித்தல்

ரெயில் அலமாரிகளின் பின்னால் தொடர்ச்சியாக ஓட வேண்டுமானால், பக்கப் பலகைகளின் பின் மேல் மூலையில் அது நுழையும் அளவுக்கு வெட்டுவாய் எடுக்க வேண்டும். வெட்டிய பிளைவுட் விளிம்பில் வார்னிஷ் தடவிவிட வேண்டும், இல்லையெனில் ஈரம் அங்கே ஏறும்.

பாரம் முழுவதும் ஹேங்கர் இருக்கும் இடத்தில்தான் ரெயிலில் இறங்குகிறது. ஆகவே 300 மி.மீ.க்கு ஒன்று என்ற கணக்கோடு நிறுத்தாமல், ஒவ்வொரு பக்கப் பலகைக்கும் அருகே கட்டாயம் ஒரு ஸ்க்ரூ வர வேண்டும். இரண்டு மீட்டர் ரெயிலோடு 400 மி.மீ. துண்டைச் சேர்த்தபோது, இணைப்பு 2000 மி.மீ.இல், மூன்றாவது அலமாரியின் நடுப்பகுதியில் விழுந்தது. அங்கே ஹேங்கர் இல்லாததால் அது நல்ல இடம். இணைப்பின் இருபுறமும் ஒரு ஸ்க்ரூ கொடுத்தோம்.

மேடு இருக்கும் இடத்தில் முதல் ஸ்க்ரூவைப் போட்டு, இறுக்காமல் விட வேண்டும். பிறகு இரு முனைகளுக்கும் சென்று, எழுதி வைத்த பேக்கிங்கை ஸ்க்ரூ துளையின் வழியாகவே போகும்படி வைத்து, ரசமட்டம் பார்த்து, நடுவில் உள்ளவற்றைக் கடைசியாகப் போட வேண்டும். எல்லாம் போட்ட பின், ரெயிலின் முகத்தில் நூலை ஒட்டி இழுத்துப் பார்த்து, ஒரு மி.மீ.க்கு மேல் விலகினால் பேக்கிங்கை மாற்ற வேண்டும். அலமாரி ஏறிய பிறகு அதை மாற்ற முடியாது.

8. அடிப் பேக்கிங்கை முன்பே ஒட்டுதல்

ரெயில் நேரானதும், அதன் பின்தளத்திலிருந்து மறுபடி தூக்குக்குண்டு விட்டு, பக்கப் பலகைகளின் அடி வரும் நான்கு இடங்களிலும் சுவருக்குள்ள இடைவெளியை அளந்தோம்: 15, 9, 10, 16. அந்தக் கனத்தில் பி.வி.சி. கட்டைகளை வெட்டி, ஸ்க்ரூ போட்டுச் சுவரில் பொருத்தினோம். இரண்டு அலமாரிகள் சேரும் 600, 1500 ஆகிய இடங்களில் இரு பலகைகளும் உட்காரும்படி அகலமான ஒரே கட்டை.

மேலே கொக்கி இழுப்பிலேயே நிற்கிறது; கீழே கட்டை அழுத்தத்திலேயே நிற்கிறது. இந்த இரண்டும் சரியாக இருந்தால், நடுவில் சுவர் எப்படி இருந்தாலும் அலமாரி செங்குத்தாக நிற்கும்.

இந்தப் படியைத் தாண்டிப்போன ஒரு வேலையைப் பின்னர் பார்க்கும்படி நேர்ந்தது. மண்டபம் பக்கம் ஒரு வீட்டில், மாட்டி இரண்டு மாதத்துக்குப் பின், மேடைக்கல்லில் தினமும் வெள்ளைப் பொடி விழுகிறது என்று கூப்பிட்டார்கள். பல்லி வேலை என்று துடைத்துக்கொண்டிருந்தார்கள். அலமாரியின் தலைக்கும் சுவருக்கும் இடையே விளக்கடித்துப் பார்த்தபோது, ரெயிலின் ஸ்க்ரூக்களைச் சுற்றிப் பூச்சு வட்டமாக உடைந்திருந்தது. அடியில் கையை விட்டால் விரல் முழுதாக நுழைந்தது. சாமானை உடனே இறக்கியதால் தப்பித்தது.

9. தூக்கி மாட்டுதல்

கதவுகளையும் தட்டுகளையும் கழற்றிவிட்டு, வெறும் கூட்டை இருவராகத் தூக்க வேண்டும். மாட்டும் முன் ஆழத் திருகைத் தளர்த்திக் கொக்கியை முழுதும் வெளியே நீட்டி வைத்தால்தான் அது ரெயில் உதட்டில் எளிதாக ஏறும். எந்தப் பக்கம் திருகினால் எது நகர்கிறது என்பதைக் கீழேயே பார்த்துவிட வேண்டும்.

இரண்டு கொக்கியும் ஏறினவா என்பதை ஒலியை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஒருவர் கையை விடாமல் பிடித்திருக்க, மற்றவர் விளக்கோடு இரு மூலைகளையும் பார்க்க வேண்டும். ஒரு கொக்கி உதட்டின் முனையில் மட்டும் தொத்திக்கொண்டு, பார்வைக்கு மாட்டியது போலவே நிற்பதுண்டு.

10. திருகுகளால் மட்டம் பிடித்தல்

முதலில் உயரம், பிறகே ஆழம். ஆழத் திருகை இறுக்கினால் அடி விளிம்பு கட்டையோடு உரசி நிற்கும். அதன்பின் உயரத்தை மாற்றினால் அந்த உரசலையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருப்பதால் திருகின் தலை வழுக்கிப்போகும். பவர் டிரைவரை இங்கே எடுக்கவே கூடாது. கை ஸ்க்ரூடிரைவர் போதும்.

முதல் அலமாரியின் அடியில் ரசமட்டம் வைத்துச் சரிசெய்து, அடுத்தடுத்தவற்றை அதற்கு இணையாகக் கொண்டுவர வேண்டும். ஆழத்துக்கு, அலமாரியின் முன்விளிம்பில் தூக்குக்குண்டு விட்டு, தலையும் அடியும் ஒரே கோட்டில் வரும்வரை இறுக்க வேண்டும். கடைசியில் மூன்றின் முகத்திலும் நீளமான மட்டப்பலகையை வைத்துப் பார்த்தபோது, எங்களுக்கு நடு அலமாரி 2 மி.மீ. பின்னால் இருந்தது, அதன் ஆழத் திருகைத் தளர்த்தியதில் தலையும், அடிக்கட்டைக்கு மேல் 2 மி.மீ. துண்டு சேர்த்ததில் அடியும் சமமாயின. தலையை மட்டும் முன்னே கொண்டுவந்திருந்தால் கதவு தானாகத் திறந்துகொள்ளும் அலமாரியாகியிருக்கும்.

11. ஒன்றோடொன்று பிணைத்தல்

முகங்கள் தாமாகவே சேர்ந்து நின்ற பிறகுதான், சி கிளாம்பால் பிடித்து, பக்கப் பலகைகளின் வழியே இணைப்பு ஸ்க்ரூ போட வேண்டும். சேராத அலமாரிகளை ஸ்க்ரூவின் பலத்தால் இழுத்துச் சேர்ப்பது கூடாது. அப்படி இழுத்தால் ஒரு கொக்கி ரெயிலை விட்டுச் சற்றே எழும்பி, அதன் பாரத்தைப் பக்கத்து ஹேங்கர் சுமக்கும். பிணைத்த பின் ஒவ்வொரு ஹேங்கரின் உயரத் திருகையும் கால் சுற்று தொட்டுப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான கனம் தெரிய வேண்டும். எளிதாகச் சுற்றும் திருகு பாரம் ஏற்காத திருகு. ஹேங்கரில் கழறாமல் தடுக்கும் பூட்டு இருந்தால் இப்போது போட வேண்டும்.

12. பாரம் ஏற்றிய பின் பார்த்தல்

கதவையும் தட்டையும் மாட்டி, கனமான சாமானைக் கீழ்த்தட்டில் அடுக்கச் சொல்ல வேண்டும். அலமாரியின் தலைக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அன்றே பென்சிலால் இரு முனையிலும் குறித்து, இரண்டு வாரம் கழித்து அளந்து பார்க்க வேண்டும். ஒரு மி.மீ. அளவுக்கு நகர்ந்திருந்தால் பேக்கிங் அமர்ந்திருக்கிறது என்று பொருள். ஆழத் திருகைச் சற்று இறுக்கினால் போதும். மூன்று மி.மீ. விலகியிருந்தாலோ, மேடையில் பொடி விழுந்திருந்தாலோ திருகைத் தொடாமல் சாமானை இறக்கி, அலமாரியைக் கழற்றி, ஸ்க்ரூக்களைப் பார்க்க வேண்டும். கீழக்கரை வீட்டில் இரண்டு வாரத்துக்குப் பின் இடது முனையில் அரை மி.மீ. வந்திருந்தது; வலது முனையில் பென்சில் கோடு அப்படியே இருந்தது.